‘பிளேயர்ஸ் சுயநலமா ஆடினாங்க’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க

கேம் கம்பெனிக்கு ஜூனியர் டிசைனர் வேலைக்குப் போறவங்ககிட்ட தவறாம கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு. “நீங்க எடுத்த ஒரு டிசைன் முடிவைச் சொல்லுங்க. பிளேடெஸ்ட்ல அது எப்படி மாறுச்சு?” நம்மில் பலர் இதுக்கு ஒரே அச்சுல பதில் வெச்சிருக்கோம். “சார், முதல்ல கேம் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. ஃபிரெண்ட்ஸ் ஆடிப் பார்த்து ஃபீட்பேக் குடுத்தாங்க. அதை வெச்சு இம்ப்ரூவ் பண்ணோம். இப்போ எல்லாருக்கும் பிடிச்சிருக்கு.”

இதுல பொய் எதுவும் இல்லை. ஆனா டிசைனும் எதுவும் இல்லை. என்ன முடிவு, ஏன் அந்த முடிவு, ஆட வந்தவங்க என்ன செஞ்சாங்க, எந்த விதி மாறுச்சு, ஒண்ணுமே தெரியலை. இதைவிட மோசமான பதில் ஒண்ணும் உண்டு: “ஐடியா நல்ல ஐடியாதான் சார், ஆனா பிளேயர்ஸ் சுயநலமா ஆடினாங்க, அவங்களுக்குப் புரியலை.” இப்படிச் சொன்னவர் கேள்விக்கு வெளியே போயிட்டார்னு அர்த்தம். ஆடறவங்க குணத்தை டிசைனரால மாத்த முடியாது. விதியை மட்டும்தான் மாத்த முடியும். அதனால காரணத்தை விதியில தேடிக் கண்டுபிடிச்ச பதில்தான் நல்ல பதில். என் வாதம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அதுக்கான விளக்கம்.

முதல்ல உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு கதை. 2012-ல பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த ‘ஜர்னி’ கேமை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. தட்கேம்கம்பெனிங்கிற சின்ன ஸ்டுடியோ செஞ்சது. டிசைனர் ஜெனோவா சென். பாலைவனத்துல நீங்க நடந்து போவீங்க. நடுவுல முகம் தெரியாத இன்னொரு பிளேயர் வந்து சேருவார். பேர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஒலி மட்டும் எழுப்பலாம். முன்பின் தெரியாத ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு நெருக்கம் வரணும்ங்கிறதுதான் குறிக்கோள்.

ஆரம்ப வடிவத்துல ஒரு பிளேயர் உடம்பு இன்னொருத்தர் உடம்புல முட்டும், தள்ளவும் முடியும். ஒருத்தருக்கொருத்தர் உதவ அது பயன்படும்னு நினைச்சுதான் வெச்சாங்க. ஆடிப் பார்த்தவங்க என்ன பண்ணாங்க? பக்கத்துல இருக்கிறவரை ஆபத்துக்குள்ள தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தாங்க. சென் முதல்ல மனம் நொந்துபோயிட்டார். மனுஷங்களே இப்படித்தானான்னு யோசிச்சார். அப்புறம் குழந்தை வளர்ச்சி படிச்ச ஒரு உளவியலாளர்கிட்ட பேசினப்போதான் வேற கோணம் கிடைச்சது. புது உலகத்துக்குள்ள வர்ற பெரியவங்க, கைக்குழந்தை மாதிரி. எதைச் செஞ்சா பெரிய எதிர்வினை வருதோ அதையே திரும்பத் திரும்பச் செய்வாங்க. அதுல நல்லது கெட்டது கிடையாது. அந்த கேம்ல பெரிய எதிர்வினை தந்த விஷயம் தள்ளிவிடறது. அதனால தள்ளினாங்க.

அதுக்கப்புறம் என்ன செய்யணும்ங்கிறது தெளிவாயிடுச்சு. முட்டற விதியை எடுத்துட்டாங்க. ரெண்டு பேர் தொட்டுக்கிட்டா ரெண்டு பேர் துண்டுலயும் சக்தி ஏறும், அதை வெச்சுப் பறக்கலாம்னு மாத்தினாங்க. அதே மாதிரி மனுஷங்கதான் ஆடினாங்க. இப்போ ஒட்டி ஒட்டி நடந்தாங்க. “கெட்டவங்க”ன்னு முடிவு பண்ணியிருந்தா சென் தண்டனை விதி எழுதியிருப்பார். “எதிர்வினை எங்கே பெருசா இருக்கு”ன்னு கேட்டதாலதான் சரியான இடத்துல கை வெச்சார்.

சரி, நமக்கு பிளேஸ்டேஷன் கிடையாது. ஹாஸ்டல் ரூம், ஒரு அட்டை, புளியங்கொட்டை இருக்கு. தாராளமா போதும். தஞ்சாவூர்ப் பக்கம் படிக்கிற நமக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை எடுத்து, ஒரு பதிலை முழுசா கட்டிப் பார்ப்போம். இந்த விளையாட்டும் இதுல வர்ற எண்ணிக்கையும் நான் விளக்கத்துக்காகக் கட்டினவை. யாரும் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுடாதீங்க, ரெண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்குவீங்க.

விஷயம், தலைமடையும் கடைமடையும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு நாள்னு இங்கே குழந்தைக்கும் தெரியும். தண்ணி கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியும். அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலா இறங்கி நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடைசி வயலுக்குப் போய்ச் சேரணும். மேலே இருக்கிறவர் நாற்று நட்டு முடிக்கும்போது கீழே இருக்கிறவர் வாய்க்காலைப் பார்த்துக்கிட்டு நிப்பார். தண்ணி குறைஞ்ச வருஷத்துல இந்த இடைவெளி இன்னும் கூடும்.

இதை வெச்சு நாலு பேர் ஆடற விளையாட்டு. ஒரே வாய்க்கால்ல வரிசையா நாலு வயல். மொத்தம் ஆறு சுத்து. சுத்துக்கு 12 புளியங்கொட்டை, அதுதான் தண்ணி. ஒரு வயலுக்கு ஒரு சுத்துல 4 வரைக்கும் பாய்ச்சலாம். ஒரு கொட்டை பாய்ச்சினா கடைசியில ஒரு மூட்டை நெல். நாலு வயலுக்கு 16 வேணும், இருக்கிறது 12. மேல இருந்து வரிசையா எடுக்கணும். முதல் மூணு பேர் ஆளுக்கு நாலு எடுத்தா கடைமடைக்காரருக்குப் பூஜ்யம். ஆனா அவர் கையில வேற ஒண்ணு இருக்கு, ஆள் சீட்டு. ஒவ்வொரு வயலுக்கும் அறுவடைக்கு ரெண்டு ஆள் சீட்டு வேணும், இல்லேன்னா பாதி விளைச்சல் போச்சு. மேலே இருக்கிற மூணு பேர்கிட்ட ஆளுக்கு ஒரு சீட்டுதான். கடைமடைக்காரர்கிட்ட அஞ்சு. தன் வயல்ல வேலை இல்லாதப்போ மேலே வேலைக்குப் போற குடும்பம்ங்கிறது இதோட பொருள். ஒரு சுத்துல வேலைக்குப் போன சீட்டு அந்தச் சுத்து முடிஞ்சதும் சொந்தக்காரர் கைக்கே திரும்பிடும். தண்ணி, சீட்டு, மூட்டை, வாக்கு எதை வேணும்னாலும் பேசி மாத்திக்கலாம்.

இதுல நாம எடுத்த டிசைன் முடிவு ஒண்ணே ஒண்ணு: தண்ணிப் பங்கீட்டுக்கு விதி எழுதாம பேரத்துக்கு விடறது. நம்பிக்கை இது: “ஆள் சீட்டு தேவைப்படும்ங்கிறதால மேலே இருக்கிறவங்க தண்ணி விட்டுக் குடுப்பாங்க.” இன்டர்வியூவுக்குப் போறவர் இந்த நம்பிக்கையை முதல்ல ஒரு வாக்கியமாச் சொல்லணும். எதை எதிர்பார்த்தோம்னு சொல்லாம பிளேடெஸ்ட்ல என்ன மாறுச்சுன்னு சொல்லவே முடியாது. எதிர்பார்ப்பு இல்லாத டெஸ்ட் வெறும் பொழுதுபோக்கு.

இப்போ டெஸ்ட். மூணு ஆட்டம், மூணு தடவையும் புதுப் புது நாலு பேர். விதிகளைத் தாள்ல எழுதிக் குடுத்துட்டு, செஞ்சவர் வாயைத் திறக்காம ஓரமா உக்காரணும். வீட்டுக்கு அனுப்பற பெட்டிக்குள்ள நீங்க உக்காந்து போக முடியாது இல்லையா, அதான். ஒரு நோட்டுல நாலே பத்தி: எந்தச் சுத்து, யார் கேட்டாங்க, என்ன தர்றேன்னாங்க, முடிஞ்சதா இல்லையா. ஆட்டம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கறதெல்லாம் கடைசியில.

நோட்டு என்ன சொல்லுதுன்னு வெச்சுக்குவோம். மூணு ஆட்டத்துலயும் சேர்த்துக் கடைமடைக்காரர் முதல் ரெண்டு சுத்துல 11 தடவை தண்ணி கேட்டிருக்கார். ஒண்ணே ஒண்ணு படிஞ்சது. நாலாவது சுத்துல இருந்து ஒருத்தரும் கேக்கவே இல்லை. ரெண்டு பேர் போனை எடுத்துட்டாங்க. ஆட்டம் முடிஞ்சு கேட்டா, “மேலே இருக்கிறவன் செம சுயநலம்டா. சுத்துக்குச் சுத்து வரிசையை மாத்தி விடு, சரியாயிடும்” அப்படிங்கறாங்க.

இந்த இடத்துலதான் நல்ல பதிலும் சாதாரணப் பதிலும் பிரியுது. சாதாரண டிசைனர் சொன்னதைக் கேட்டு வரிசையை மாத்திடுவார். கொஞ்சம் யோசிக்கிறவர் நோட்டைத் திரும்பப் பார்ப்பார். மேலே இருக்கிறவருக்கு ஆள் சீட்டு எப்போ வேணும்? ஆறாவது சுத்துல. கடைமடைக்காரருக்குத் தண்ணி எப்போ வேணும்? முதல் சுத்துல இருந்தே. அவர் அஞ்சு சுத்தும் காய்ஞ்சு கிடந்தா ஆறாவது சுத்துல அறுக்க அவர்கிட்ட பயிரே இருக்காது. சீட்டைச் சும்மா வெச்சிருந்து என்ன பண்றது? ஒரு மூட்டைக்குக் குடுத்துடுவார். இது மேலே இருக்கிறவருக்கு நல்லாத் தெரியும். கடைசியில ஒரு மூட்டைக்குக் கிடைக்கப் போற சீட்டுக்கு முதல் சுத்துலயே தண்ணியை ஏன் விடணும்? அவர் சுயநலவாதி இல்லை. நாம எழுதின விதியைச் சரியாப் படிச்சவர். கோளாறு குணத்துல இல்லை, நேரத்துல இருக்கு. ஒருத்தர் தேவை முதல்ல, இன்னொருத்தர் தேவை கடைசியில. நடுவுல பேரம் எப்படி நடக்கும்?

அப்போ மாத்த வேண்டியது ஒரே விதி. ஆள் தேவையை அறுவடையில இருந்து நடவுக்கு, அதாவது ரெண்டாவது சுத்துக்குக் கொண்டு வரணும். நம்ம ஊர்லயும் நடவுக்கு ஆள் கிடைக்காம அல்லாடறது தெரிஞ்ச கதைதானே. இப்போ மேலே இருக்கிறவர் சீட்டு இல்லாம நட்டா பாதி வயல் தரிசு, 24 மூட்டை வர்ற இடத்துல 12 போயிடும். அதைத் தவிர்க்க ஒரு கொட்டை தண்ணி விட்டா நஷ்டம் ஒரு மூட்டை. யாரும் கருணை காட்ட வேண்டாம், கணக்கே போதும்.

இதை இன்டர்வியூல சொல்றப்போ இப்படி வரும்:

“நாலு பேர் ஒரு வாய்க்கால்ல தண்ணி பிரிச்சுக்கிற போர்டு கேம் செஞ்சோம். நான் எடுத்த முடிவு, பங்கீட்டை விதியா எழுதாம பேரத்துக்கு விட்டது. கடைசி வயல்காரர்கிட்ட ஆள் சீட்டு இருக்கிறதால மத்தவங்க தண்ணி குடுப்பாங்கன்னு எதிர்பார்த்தேன். மூணு டெஸ்ட்ல 11 கோரிக்கையில ஒண்ணுதான் படிஞ்சது. நாலாவது சுத்துல இருந்து அவர் கேக்கறதையே விட்டுட்டார். ஆடினவங்க வரிசையை மாத்தச் சொன்னாங்க. நான் நோட்டைப் பார்த்தப்போ சிக்கல் வரிசையில இல்லை, ரெண்டு தேவையும் வேற வேற நேரத்துல வருதுன்னு தெரிஞ்சது. ஆள் தேவையை அறுவடையில இருந்து நடவுக்கு மாத்தினேன். வேற எதையும் தொடலை. அடுத்த மூணு டெஸ்ட்ல, புது ஆளுங்களோட, ஒன்பது பேரம் படிஞ்சது. கடைசி வயல்காரர் ஆறாவது சுத்து வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தார்.”

ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. “நான்” எங்கே, “நாங்க” எங்கேன்னு கவனிச்சீங்களா? கேம் நாங்க செஞ்சது, முடிவு நான் எடுத்தது. டீம் வேலையில உங்க பங்கு எதுன்னு கேட்டு வாங்க வேண்டிய நிலைமையில எதிர்ல இருக்கிறவரை வைக்காதீங்க. “வேற எதையும் தொடலை”ங்கிறதும் சும்மா வந்த வாக்கியம் இல்லை. ஒரே நேரத்துல மூணு விதியை மாத்திட்டு “நல்லாயிடுச்சு”ன்னு சொன்னா, எதனால நல்லாச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

இதோட முடியாது. கொக்கிக் கேள்விகள் வரும். முதல் கொக்கி: “வரிசையை மாத்தச் சொன்னதை ஏன் ஏத்துக்கலை? முறைப்பாசனம் நிஜமாவே இருக்கே?” ஆமா, இருக்கு. தண்ணி குறைவா இருக்கிறப்போ முறை வெச்சுத்தான் விடுவாங்க. ஆனா முறை வந்துட்டா பேரத்துக்கு வேலை இல்லை. அது வேற விளையாட்டு. இங்கே பேரம்தான் விளையாட்டே. ஆடறவங்க வலிக்கிற இடத்தைச் சரியாக் காட்டுவாங்க. மருந்துச் சீட்டு எழுதறது நம்ம வேலை. ஆனா மறுக்கிறப்போ காரணம் சொல்லணும். “எனக்குப் பிடிக்கலை”ங்கிறது காரணம் ஆகாது.

ரெண்டாவது கொக்கிதான் பெருசு: “இந்த மாற்றம் எதைக் கெடுத்துச்சு?” எதையும் கெடுக்கலைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, நம்பவும் கூடாது. நம்ம உதாரணத்துல என்ன கெடும்? “இப்போ ஆள் அனுப்பு, ஆறாவது சுத்து வரைக்கும் ஒரு கொட்டை விடறேன்”னு வாக்குக் குடுத்தவர், நட்டு முடிச்சதும் மூணாவது சுத்துல கையை விரிப்பார். கடைமடைக்காரர்கிட்ட சீட்டு திரும்பி வந்திருக்கும், ஆனா அதுக்கு இனி வேலை இல்லை. திருப்பிக் கேக்க வழியே இல்லை. மறுபடியும் “நம்பிக்கைத் துரோகிங்க”ன்னு எழுதிடாதீங்க. பழைய பாடம்தான். வாக்கை மீறினா நஷ்டம் வர்ற மாதிரி விதி இல்லை, அதனால மீறினாங்க. நடவுக்கும் ரெண்டு ஆள், அறுவடைக்கும் ரெண்டு ஆள்னு தேவையைப் பிரிச்சா, ஆறாவது சுத்துல அதே ஆள்கிட்ட திரும்பப் போய் நிக்கணும். ஏமாந்தவர் ஒரு மூட்டையை உதறிட்டு “சீட்டு இல்லை போ”ன்னு சொன்னா, ஏமாத்தினவருக்குப் பாதி விளைச்சல் காலி. இனி வாக்குக்கு ஒரு எடை வரும். பதிலுக்கு ஆட்டம் நீளும், விதித் தாள்ல நாலு வரி கூடும். அந்த விலையையும் சொல்லுங்க.

மூணாவது கொக்கி: “இதை யார் ஏற்கெனவே செஞ்சிருக்காங்க?” தேடிப் பார்த்திருந்தா ஒரு பேர் சொல்லலாம். புரூஸ் லேங்க்ஃபோர்டுங்கிற ஆய்வாளர் தான்சானியாவோட உசங்கு பகுதிக்காக ‘ரிவர் பேசின் கேம்’னு ஒண்ணு செஞ்சார். சரிவா வெச்ச பெரிய மரப்பலகை, ஆத்துத் தண்ணியா கண்ணாடிக் கோலிக் குண்டுகள். ஆடறவங்க சின்னக் குச்சியைக் குறுக்கே வெச்சுக் குண்டைத் தங்க வயலுக்குத் திருப்பலாம். மேலே இருக்கிறவர் குச்சி வெச்சா கீழே என்ன ஆகும்னு யாரும் சொல்லத் தேவையில்லை, கண் முன்னாடி உருளும். விவசாயிகளோட உக்காந்து ஆடின விளையாட்டு அது. அங்கே பேரத்தையும் வழிமுறையையும் ஆட்டத்துக்கு அப்புறம் மனுஷங்களே பேசித் தீர்மானிக்கணும். நம்மளோடதுல பேரம் ஆட்டத்துக்குள்ளயே இருக்கு. இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடிஞ்சா, உங்க முடிவு எங்கே நிக்குதுன்னு உங்களுக்கே தெளிவாகும்.

கடைசியா ஒரு நேர்மை விஷயம். ஆறு ஆட்டம்ங்கிறது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஆடினவங்க எல்லாரும் ஒரே ஹாஸ்டல், எல்லாரும் உங்களைத் தெரிஞ்சவங்க, வயல்ல இறங்கினவங்க எத்தனை பேர்னு தெரியாது. ஒண்ணுல இருந்து ஒன்பது ஆனதை வெச்சு “நிரூபிச்சுட்டேன்”னு சொல்ல முடியாது. “காரணம் இதுவா இருக்கலாம்ங்கிறதுக்கு இது ஆதரவா இருக்கு. அடுத்து வாய்க்கால் பாசனம் செய்யற குடும்பங்களோட ஆடிப் பார்க்கணும்”னு சொல்லலாம். சில பேர் இதைச் சொன்னா பலவீனமாத் தெரியும்னு பயப்படறாங்க. எதிர்ல இருக்கிறவர் வாரம் முழுக்க பிளேடெஸ்ட் நோட்டு படிக்கிறவர். எந்த எண் எவ்வளவு எடை தாங்கும்னு அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியுமான்னுதான் அவர் பார்க்கிறார்.

அடுத்த தடவை உங்க கேம்ல யாராவது எரிச்சலூட்டற மாதிரி ஆடினா, அவங்க பேருக்குப் பக்கத்துல திட்டு எழுதாதீங்க. அந்த நேரத்துல அவங்களுக்கு எந்த விதி என்ன கூலி குடுத்துச்சுன்னு எழுதுங்க. இன்டர்வியூ பதிலோட பாதி அந்த ஒரு வரியிலேயே இருக்கும்.